ரிங் லைட், ட்ரைபாட், மைக் எது வாங்கலாம்? ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணும்

தங்கச்சிமடம்_கணக்கு
வணக்கம். வீட்ல இருந்தே பத்தாம் வகுப்பு கணக்கு வீடியோ எடுத்து பிள்ளைங்களுக்கு அனுப்பணும், ரிங் லைட் ட்ரைபாட் மைக் மூணும் சேத்து 3000 ரூவாக்குள்ள எது நல்லதுன்னு சொல்லுங்க, செட்டா வருதே அது வாங்கலாமா, காலர் மைக் ஒண்ணு தம்பி வாங்கிக் குடுத்தான் ஆனா அது சரியில்ல போல, குரல் கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கருவாட்டுக்_கடாய்
டீச்சர் கண்ண மூடிட்டு ரிங் லைட் வாங்குங்க. நான் ரெண்டு வருசமா சமையல் சேனல் வச்சிருக்கேன், பத்து இஞ்ச் லைட்தான், மூஞ்சி பளிச்னு இருக்கும். ஒரே ஒரு தொல்லை, எவர்சில்வர் சட்டிய வச்சா அதுல வளையம் வளையமா தெரியும், அதனால நான் மண்சட்டிக்கு மாறிட்டேன் ஹாஹா.

டெக்_ராம்நாடு
கேள்வி கேக்கும்போது அரைகுறையா கேட்டா பதிலும் அரைகுறையாதான் வரும். போனா லேப்டாப்பா? என்ன மாடல்? முகத்தைக் காட்டுறீங்களா, போர்டக் காட்டுறீங்களா, நோட்டக் காட்டுறீங்களா? ரூம் எவ்வளவு பெருசு? இதே குழுவுல இருவது தடவை எழுதிட்டேன், தேடிப் பாக்கிற பழக்கம் யாருக்குமே இல்ல.

உச்சிப்புளி_மைக்செட்
தம்பி, டீச்சர அதட்டாதீங்க, அவங்க நாளெல்லாம் அதட்டுறவங்க 🙂 ஆனா கேட்ட கேள்வி சரிதான் டீச்சர். போர்டா நோட்டா, அத மட்டும் முதல்ல சொல்லுங்க, எல்லாமே அதுல மாறும்.

தங்கச்சிமடம்_கணக்கு
சாரி. போன்தான், ஆண்ட்ராய்டு, சார்ஜ் போடுற ஓட்டை மட்டும்தான் இருக்கு, ஹெட்செட் ஓட்டை தனியா இல்ல, மைக்குக்கு ஒரு குட்டி கனெக்டர் போட்டு மாட்டுறேன். வெள்ளை போர்டு நாலுக்கு மூணு. மூஞ்சி முக்கியமில்ல, எழுதுறது தெரியணும். ரூம் பத்துக்கு பன்னெண்டு, டைல்ஸ் போட்டது. கண்ணாடியும் போட்டிருக்கேன்.

பாசிப்பட்டினம்_பொறி
கூகுள் மீட்டுக்கா? அதுக்கு லேப்டாப்ல இருக்குற மைக்கே போதும், நெட்தான் ஸ்பீடா இருக்கணும். எங்க ஊர்ல டவர் ஒரு பக்கம் இருக்கு சிக்னல் ஒரு பக்கம் இருக்கு.

தங்கச்சிமடம்_கணக்கு
மீட் இல்லங்க, ரெக்கார்டு.

உச்சிப்புளி_மைக்செட்
அப்ப ரிங் லைட்ட மறந்துடுங்க டீச்சர். நான் கல்யாணம் கோயில்கொடைனு இருவது வருசம் மைக்செட் ஓட்டுனவன், அப்புறம் வீடியோவும் எடுத்தேன், அதனால சொல்றேன். ரிங் லைட்டு ரெண்டு அடி தள்ளி நிக்கிற மூஞ்சிக்குத்தான். நீங்க போனை ஏழு அடி தள்ளி வைக்கணும், அப்பதான் போர்டோட பக்கத்துல நிக்கிற நீங்களும் தாராளமா வருவீங்க. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கிட்டத்தட்ட கால்வாசி ஆயிரும், அந்தச் சின்ன லைட்டு ஏழு அடில ஒண்ணும் பண்ணாது. பண்ணுனாலும் வெள்ளை போர்டு கண்ணாடி மாதிரிதான், போனுக்குப் பக்கத்துல லைட்டு இருந்தா போர்டு நடுவுல வெள்ளையா ஒரு வளையம் நிக்கும், x² எழுதுன இடமே தெரியாது. மேல சமையல் அக்கா சட்டிய மாத்திட்டாங்க, நீங்க போர்ட மாத்த முடியுமா?

நாலு அடி எல்ஈடி டியூப் பட்டி ரெண்டு வாங்குங்க. போர்டு இருக்குற சுவர்ல இருந்து ரெண்டு, ரெண்டரை அடி முன்னால, ரெண்டு பக்கச் சுவர்லயும் நட்டமா மாட்டுங்க. எப்பவும் போர்டுக்குக் கிட்ட, போனுக்கு எட்ட. மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. மூஞ்சி பாக்குற கண்ணாடி ஒண்ண எடுத்து போர்டு மேல ஒட்ட வச்ச மாதிரி பிடிக்கச் சொல்லுங்க, நாலு மூலையிலயும் நடுவுலயும். நீங்க போன் இருக்கப்போற இடத்துல குனிஞ்சு அந்தக் கண்ணாடியப் பாருங்க. அதுல டியூபு தெரிஞ்சா அந்த இடத்துல எழுத்து போயிரும், டியூப இன்னும் போர்டு பக்கமா நகட்டுங்க. சன்னலும் அதே கணக்குதான். உங்க மூக்குக் கண்ணாடி பளபளப்பும் லைட்டு பக்கவாட்டுக்குப் போனா முக்காவாசி போயிரும்.

கருவாட்டுக்_கடாய்
நான் மூஞ்சிக்குன்னு நெனச்சு சொல்லிட்டேன் டீச்சர், மன்னிச்சுக்கோங்க.

வயர்லெஸ்_வாப்பா
லைட்ட விடுங்க. காலர் மைக் வயர எல்லாம் தூக்கிக் கடாசிட்டு சார்ஜ் ஓட்டைல சொருகுற வயர்லெஸ் மைக் வாங்குங்க லாத்தா, கீழக்கரைல எங்க பசங்க எல்லாம் அதான் வச்சிருக்காங்க. போர்டுல அங்குட்டும் இங்குட்டும் நடக்கும்போது வயரு கால்ல மாட்டும். இரைச்சலக் குறைக்கிற பட்டனும் இருக்கு, கடல் சத்தம் கூட கேக்காது.

உச்சிப்புளி_மைக்செட்
நடக்குறதுக்கு வயர்லெஸ் வசதிதான் காக்கா, அதுல உங்க பேச்சு சரி. ஆனா அந்த இரைச்சல் பட்டன ஆன்ல வச்சா வெல கம்மியான மைக்குல பேச்சு தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும், வார்த்தையோட எழுத்தத் தின்னுரும். கணக்குல "ஆறு"ம் "நூறு"ம் கொழம்புனா பிள்ளை என்ன செய்யும்? அத ஆஃப்ல வச்சுப் பழகச் சொல்லுங்க.

டீச்சர், உங்க மைக் கெட்டுப்போகலன்னு எனக்குத் தோணுது. அத போன் கேக்கவே இல்ல. சோதிச்சுப் பாருங்க. ரெக்கார்டிங் ஓடும்போது காலர் மைக்கு தலைய நகத்தால மெதுவா சுரண்டுங்க, அப்புறம் போனோட அடிப்பக்கத்த சுரண்டுங்க. போட்டுக் கேளுங்க. எது பெருசா "கரகர"ன்னு கேக்குதோ அதுதான் ரெக்கார்டு ஆகுது.

தங்கச்சிமடம்_கணக்கு
போன்தான் கரகரங்குது!! மைக்கு சத்தமே இல்ல. அப்ப மைக் டம்மியா?

டெக்_ராம்நாடு
நான் மொதல்லயே மாடல் கேட்டேன். கனெக்டர்தான் பிரச்சன. சல்லிசா கிடைக்கிறதுல வெறும் கம்பிதான் உள்ள இருக்கும், போனே சத்தத்த மாத்திக் குடுத்தாதான் வேலை செய்யும். இப்ப வர்ற பல போன்ல அந்த வேலைய கனெக்டருக்குள்ள இருக்குற சின்ன சிப்புதான் செய்யணும், சிப்பு உள்ளதா பாத்து வாங்கணும். அடுத்தது, மைக்குல போன், கேமரான்னு ஸ்விட்ச் இருந்தா போன் பக்கம் இருக்கணும். அடுத்தது, சில போன்ல செட்டிங்ஸ்ல OTG ஆன் பண்ணணும், பத்து நிமிசம் சும்மா இருந்தா அதுவே ஆஃப் ஆயிரும். கடைசியா, போனோட சொந்த கேமரா ஆப் வெளி மைக்க எடுக்கும்னு நிச்சயமில்ல. Open Camera போட்டு, Video settings உள்ள Audio source-ல External mic வைங்க. இவ்வளவுதான், இதுக்கு ஒரு இழையே தேவையில்ல.

உச்சிப்புளி_மைக்செட்
தேவையில்லன்னு சொல்லிட்டு நல்லா எழுதிருக்கீங்க தம்பி, நாலும் சரி. கனெக்டர் வாங்கும்போது மைக்கையும் போனையும் கடைக்கே எடுத்துட்டுப் போங்க டீச்சர், அங்கயே சுரண்டிப் பாத்துட்டு காசு குடுங்க. மைக்கு தாடைல இருந்து ஒரு சாண் கீழ இருக்கணும், சேலை முந்தானை உரசாத இடமா. டைல்ஸ் ரூமு கெணறு மாதிரிதான் பேசும், ஒரு தட்டு கைதட்டிப் பாருங்க, "டங்"குனு திரும்பி வரும். போனுக்குப் பின்னால, நீங்க பாத்துப் பேசுற சுவர்ல, மெத்தையோ தடிச்ச போர்வையோ தொங்கவிடுங்க. கோரைப்பாய் அவ்வளவா உதவாது, மெல்லிசு.

பாசிப்பட்டினம்_பொறி
ட்ரைபாட் பத்தி யாரும் பேசலயே. அலுமினியம் வாங்குங்க, உப்புக்காத்துக்கு அலுமினியம் துருப்பிடிக்காது.

பாம்பன்_வலை
யார் சொன்னது? எங்க வீட்டு மொட்டை மாடில அலுமினிய ஏணி மாவு பூசுன மாதிரி வெள்ளையா பூத்து கெடக்கு. செவப்பா துருப்பிடிக்காது, ஆனா உப்பு தின்னும்.

பாசிப்பட்டினம்_பொறி
ஏணி கெடக்குறது மாடில, ட்ரைபாட் இருக்கப்போறது வீட்டுக்குள்ள. ரெண்டும் ஒண்ணா?

பாம்பன்_வலை
பாம்பன்ல வீட்டுக்குள்ள வெளியனு எல்லாம் இல்லண்ணே. கச்சான் காத்து அடிச்சா டிவி ரிமோட்ல பேட்டரி கம்பி பச்சையா போவுது.

வயர்லெஸ்_வாப்பா
பச்சையா போறது பேட்டரி ஒழுகி.

பாம்பன்_வலை
ஒழுகல. புது பேட்டரி.

டெக்_ராம்நாடு
இழை திசை மாறுது.

உச்சிப்புளி_மைக்செட்
ரெண்டு பேர் சொல்றதும் ஓரளவு சரிதான். ட்ரைபாட்ல முதல்ல போறது காலு இல்ல, அதுல இருக்குற இரும்புத் திருகும் ஸ்பிரிங்கும்தான். மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணில துணிய நனைச்சுப் பிழிஞ்சு தொடச்சு, காயவிட்டு, திருகுல ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். டீச்சருக்கு வெல கூடுனதெல்லாம் வேணாம், போனு அசையாம நின்னா போதும். லைட்டோட வர்ற ஒல்லி ஸ்டாண்டுனா ஃபேன் காத்துக்கே ஆடும். அரிசிப் பையில ஒரு மூணு கிலோ மணல் கட்டி காலுங்க சேருற இடத்துல தொங்கவிடுங்க. மணலுக்கு உங்க ஊர்ல பஞ்சமா.

தங்கச்சிமடம்_கணக்கு
எல்லாருக்கும் நன்றி. ராமநாதபுரம் போய் சிப்பு உள்ள கனெக்டர் வாங்கிட்டேன், கடைக்காரர் சுரண்டுறதப் பாத்து சிரிச்சாரு. இப்ப மைக்குதான் கரகரங்குது. பட்டி ரெண்டும் மாட்டியாச்சு, முகக்கண்ணாடி வச்சுப் பாத்தோம், இடது பக்கத்து லைட்டு மேல்மூலைல தெரிஞ்சது, ஒரு அடி நகட்டுனதும் போயிருச்சு. ரிங் லைட் வாங்கல. ஆனா வீடியோல கருப்புக் கோடு கோடா மேல இருந்து கீழ ஓடுதே, அது ஏன்?

டெக்_ராம்நாடு
நம்ம கரண்டு நொடிக்கு 50 தடவை, லைட்டு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். வீடியோ ப்ரோ மோட்ல ஷட்டர 1/50-ல நிறுத்துங்க. கோடு போயிரும்.

உச்சிப்புளி_மைக்செட்
போகலன்னா வேற கம்பெனி பட்டி ஒண்ணு மாத்திப் பாருங்க டீச்சர், சிலது மினுக்குறது ரொம்ப ஜாஸ்தி. கனெக்டர்ல சார்ஜ் ஓட்டையும் இருந்தா ரெக்கார்டு பண்ணும்போது சார்ஜர் மாட்டாதீங்க, "ம்ம்ம்"னு ஒரு சத்தம் வரலாம்.

தங்கச்சிமடம்_கணக்கு
1/50 வச்சேன், கோடு போச்சு. ஃபேன நிறுத்திட்டு எடுத்தேன், முக்கோணவியல் முதல் வீடியோ அனுப்பியாச்சு. சேலை முழுக்க வேர்வை.

கருவாட்டுக்_கடாய்
ஃபேன் ஓடும்போதே எடுக்க வழி இருக்கா யாராவது சொல்லுங்களேன், எனக்கு அடுப்பு வேற.

வயர்லெஸ்_வாப்பா
அதுக்குத்தான் இரைச்சல் பட்டன்.

உச்சிப்புளி_மைக்செட்
காக்கா...