புதுப்பிப்பு: கலப்பு இணைப்பின் தொகுபயன் மின்தடை கிடைத்துவிட்டது

என் பழைய கேள்வி: "A-யிலிருந்து C-க்கு 3 ஓம். C-யிலிருந்து B-க்கு நேராக 6 ஓம். C–D நடுவில் 2 ஓம். D-யிலிருந்து B-க்கு 12 ஓமும் 6 ஓமும். A, B இடையே மொத்தம் எவ்வளவு? எங்கே தொடங்குவது?"

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. ஒரு தம்பி, "3-ம் 2-ம் ஒரே கோட்டில் இருக்கு, கூட்டிடுங்க" என்றார். கூட்டுவது தொடரிணைப்புக்குச் சரிதான். ஆனால் C-யில் மின்னோட்டம் பிரிகிறது. இரண்டிலும் ஒரே மின்னோட்டம் ஓடாததால் அவை தொடர் அல்ல.

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் அக்கா சொன்ன வழிதான் கைகொடுத்தது: A, B-யிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் மூலையில் தொடங்கு, ஒவ்வொரு படிக்கும் படத்தைத் திரும்ப வரை. D–B நடுவே 12-ம் 6-ம் பக்க இணைப்பு, 72/18 = 4. அதோடு 2 தொடராகச் சேர்ந்து 6. இது C–B நடுவிலுள்ள 6-க்குப் பக்க இணைப்பு, ஆகவே 3. முன்னால் உள்ள 3-ஐக் கூட்ட, 6 ஓம்.

சரிபார்க்க 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். மொத்தம் 2 ஆம்பியர். முதல் 3 ஓமில் 6 வோல்ட் போக, C–B நடுவே மிச்சம் 6 வோல்ட். இரு கிளைகளிலும் தலா 1 ஆம்பியர், கூட்டினால் அதே 2.

இன்னொருவர் தன் பாலச் சுற்றைக் கேட்டிருந்தார். நடுத்தடை இருப்பதால் அதில் எந்த இரண்டும் தொடரும் இல்லை, பக்கமும் இல்லை. பாலம் சமநிலையில் இருந்தால் நடுத்தடையை நீக்கிவிடலாம். இல்லாவிட்டால் இந்த வழி செல்லாது. மதிப்புகளை அவர் இன்னும் போடவில்லை.