இன்ஸ்டால் விளம்பரத்தில் போட்ட காசு திரும்பியதா? கணக்குப் பார்க்க உதவுங்கள்

அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையிலும் டவுனிலும் ஓடுகிற ஒரு சின்ன உணவு டெலிவரி ஆப்பின் விளம்பரக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். போன மாதம் இன்ஸ்டால் விளம்பரத்துக்கு ₹60,000 செலவு, 1,500 இன்ஸ்டால், அதாவது ஒன்றுக்கு ₹40. அதில் ஆர்டர் போட்டவர்கள் 300 பேர்தான். இன்ஸ்டால் செய்த 30 நாளுக்குள் அவர்கள் போட்ட 750 ஆர்டரின் மதிப்பு ₹1,80,000. டேஷ்போர்டு இதை அப்படியே செலவால் வகுத்து ROAS 3 என்று காட்ட, முதலாளி பட்ஜெட்டை இரட்டிப்பாக்கச் சொல்கிறார்.

ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஓட்டல்காரருக்குப் போகிறது. நமக்கு வருவது 18% கமிஷன், ₹32,400. அப்படிப் பார்த்தால் 0.54தான். முதல் ஆர்டருக்குக் கொடுத்த ₹50 கூப்பனையும் கழித்தால் (300 பேருக்கு ₹15,000) 0.29. டெலிவரிக் கட்டணம் முழுக்க ஓட்டுகிற பையன்களுக்கே போய்விடுவதால் அதைச் சேர்க்கவில்லை.

அப்புறம், போன் நம்பரை வைத்துப் பார்த்தால் அந்த 300 பேரில் 70 பேர் பழைய வாடிக்கையாளர்கள், ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டவர்கள். இவர்களைக் கழிப்பதா, தனியாகக் காட்டுவதா?

30 நாள் போதாது, 90 நாள் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை பட்ஜெட்டை எதை வைத்து முடிவு செய்வீர்கள்? டவுனில் மட்டும் இரண்டு வாரம் விளம்பரத்தை நிறுத்தி, புது ஆர்டர் எவ்வளவு குறைகிறது என்று பாளையங்கோட்டையோடு ஒப்பிட்டால் சரியாக வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், திங்கட்கிழமை முதலாளியிடம் பேச வேண்டும்.