முக்கோண லோடு: மொமென்ட் மூடாம தொங்கின அனுபவம் இருக்கா?

தோட்டத்து டியூஷன்
சுங்கை சிப்புட்ல சனிக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டு போர்ச்சுல டிப்ளோமா பிள்ளைங்க அஞ்சாறு பேரு படிக்க வருவாங்க. போன வாரம் ஒரு பொண்ணு நோட்டைத் தூக்கிட்டு வந்து "அண்ணே, மொமென்ட் மூடவே மாட்டேங்குது"ன்னா. 6 மீட்டர் பீம், ரெண்டு முனையிலயும் சாதாரண சப்போர்ட், லோடு இடது முனையில சைபர், நேரா ஏறி வலது முனையில மீட்டருக்கு 12 கிலோநியூட்டன். முக்கோணத்தோட பரப்பு 36, அதுதான் மொத்த லோடு, இடதுலேர்ந்து 4 மீட்டர்ல விழுது, அதனால இடது ரியாக்‌ஷன் 12, வலது 24. எல்லாம் சரியா போட்டிருந்தா. x மீட்டர் தள்ளிப் போனா லோடு 2x, அதுவரைக்கும் லோடுக்குக் கீழ இருக்கிற பரப்பு x², அது 12-ஐ தின்னு முடிக்கிற இடம் 3.46 மீட்டர், அங்கதான் ஷியர் சைபர். இதுவும் சரி.

இடது பக்க ஷியர் பரப்புக்கு மூணுல ரெண்டு பங்கு எடுத்தா: 12 × 3.46 × 2/3, வந்தது 27.7. வலது பக்கம் கோடு உள்ள வளைஞ்சு இருக்குன்னு மூணுல ஒரு பங்கு எடுத்தா: 24 × 2.54 × 1/3, வந்தது 20.3. 27.7 ஏறி 20.3 தான் இறங்குது, வலது சப்போர்ட்ல மொமென்ட் சைபர் ஆகணும், ஆனா 7.4 அப்படியே தொங்குது. நானும் முதல்ல கணக்குப் பிழைன்னு நெனச்சு கால்குலேட்டரைத்தான் ரெண்டு தடவ தட்டினேன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

பால்மரம்77
நடந்திருக்கு அண்ணே. எப்பவும் மூணுல ரெண்டுதான், கண்ண மூடிட்டு போடுங்க.

தோட்டத்து டியூஷன்
தம்பி, வலது பக்கம் அதப் போட்டா 40.6 வரும், இன்னும் மோசம்.

கிந்தா பாலம்
ரெண்டுமே அந்தப் பக்கம் செல்லாது. அந்த மூணுல ரெண்டு, மூணுல ஒண்ணு எல்லாம் கோடு படுத்த நிலையில தொடங்குற இடத்துலேர்ந்து அளந்தாதான் வேலை செய்யும். இடது முனையில லோடே இல்ல, ஷியர் இறங்க காரணமும் இல்ல, அதனால கோடு படுத்தே கிளம்பும், லோடு ஏற ஏற சரிவு கூடும். ஆனா 3.46-ல லோடு ஏற்கனவே 6.9, கோடு அங்க நல்லா சரிஞ்சுதான் இருக்கு, அத பாராபோலாவோட உச்சியா வச்சு எப்படி பங்கு போடுவீங்க? முதல்ல ரெண்டு முனைய நேர்கோட்டால சேருங்க, அந்த முக்கோணம் 2.54 × 24 × ½, 30.4. நம்ம கோடு அதுக்கு உள்ள கொஞ்சம் தொய்ஞ்சு போகுது, அந்த வயிறு 2.54-ஓட கியூப்ல ஆறுல ஒரு பங்கு, 2.7. கழிச்சா 27.7, மூடிருச்சு. நான் படிக்கும்போது பரீட்சையில இதே இடத்துல 8 மார்க் போச்சு, அதனால மறக்கல.

கான்ட்ராக்டர் மாமா
எனக்கு பீம் தெரியாது, தோட்டத்து ஃபேக்டரி பின்னாடி தண்ணித் தொட்டி கட்டினேன், 2 மீட்டர் ஆழம். தண்ணியும் முக்கோணம்தானே? அப்ப கம்பி நடுவுல அதிகமா வைக்கணுமா?

கிந்தா பாலம்
இல்ல மாமா, மேல ஆதரவு இல்லாத சுவர்னா அடியிலதான் அதிகம், தண்ணி பக்க முகத்துல. அடியில அழுத்தம் 19.6, ஷியரும் 19.6. மேலருந்து வந்தா ஷியர் சைபர்லயே படுத்து தொடங்கி வளைஞ்சு ஏறுது, அதனால இங்க மூணுல ஒண்ணுதான் சரி: 19.6 × 2 × 1/3, ஒரு மீட்டர் நீளத்துக்கு 13 கிலோநியூட்டன் மீட்டர். இது தொட்டி நிறைஞ்சு, வெளிய மண்ணு இல்லாதப்ப மட்டும். வெளிய மண்ணு இருந்து தொட்டி காலியானா இழுப்பு மறுபக்கம் மாறும், அது தனிக் கணக்கு.

சிலாப்காரன்
முக்கோண லோடுன்னா மொமென்ட் நடுவுலதானே உச்சம்? எங்க ஆபீஸ்ல அப்படித்தான் போடுவோம், எதுக்கு 3.46?

தோட்டத்து டியூஷன்
நீங்க சொல்றது ரெண்டு பக்கமும் ஓடுற சிலாப் சின்ன பீம்ல போடுற லோடு, அதோட உச்சியே நடுவுல. நம்மது உச்சி ஓரத்துல. நம்ம பீம்ல நடுவுல எடுத்தா 27, உண்மை 27.7, வித்தியாசம் சின்னதுதான், ஆனா சில பிள்ளைங்க 36-ஐ ஒரே பாயிண்ட் லோடா 4 மீட்டர்ல வச்சு மொமென்ட் 48-ன்னு எழுதுறாங்க, அதுதான் ஆபத்து. அந்த 4 மீட்டர் ரியாக்‌ஷனுக்கு மட்டும்தான்.

பால்மரம்77
அப்ப சிலாப் பீமுக்கு என்ன பங்கு அண்ணே?

கிந்தா பாலம்
சப்போர்ட்ல லோடு சைபர், ஷியர் படுத்து கிளம்புது, நடுவுல சைபர். நீ சொன்ன மூணுல ரெண்டு அங்க பொருந்தும் தம்பி. மொத்த லோடு W, நீளம் L-னா W/2 × L/2 × 2/3, WL/6.

சிலாப்காரன்
சரி, மொமென்ட் டயக்ரம் பீமுக்கு மேல வரையிறதா கீழ வரையிறதா? எங்க ஆபீஸ்ல கம்பி வர்ற பக்கம்தான், கீழ.

தோட்டத்து டியூஷன்
எங்க பிள்ளைங்களுக்கு லெக்சரர் மேல வரையச் சொல்றாரு. அந்தப் பொண்ணு ரெண்டையும் வரைஞ்சு வச்சிருக்கா.