ஏற்புக் கடிதத்தில் நாள், நேரம் திரும்ப வரணுமா?

மதுரைக்காரி: கல்லூரித் தமிழ் மன்ற விழாவுக்குச் சிறப்பு விருந்தினரை அழைக்கும் கடிதமும், அவர் இசைந்து எழுதும் பதிலும் மாதிரி விடையா வேணும். பதில்ல நாள், நேரம் எல்லாம் மறுபடியும் எழுதணுமா?

பழைய செயலர்: வேண்டாம். அழைச்சவங்களுக்குத் தெரிஞ்சதுதானே. "மகிழ்ச்சியுடன் வருகிறேன்" போதும். அனுப்புநர், பெறுநரை மட்டும் இடம் மாத்திப் போட மறந்துடாதீங்க.

தமிழாசிரியை: இடம் மாத்தணும்கிறது சரி, மத்தது தப்பு. விருந்தினர் எந்த நாளைக் குறிச்சு வெச்சிருக்காருன்னு பதில்லதான் தெரியும். அதை நம்பித்தான் அழைப்பிதழ் அச்சுக்குப் போகுது. கடிதங்களின் உடல் பகுதி இப்படி வரலாம்:

*அழைப்பு, 27.1.2025*
ஐயா, வணக்கம். எம் கல்லூரித் தமிழ் மன்றம் 21.2.2025 வெள்ளிக்கிழமை காலை 10.30 மணிக்குக் கல்லூரிக் கலையரங்கில் உலகத் தாய்மொழி நாள் விழாவை நடத்துகிறது. முதல்வர் தலைமை ஏற்கிறார். தாங்கள் சிறப்பு விருந்தினராக வருகைதந்து 40 நிமிடம் உரையாற்ற வேண்டுகிறோம். அழைப்பிதழ் அச்சிட வேண்டியிருப்பதால் 3.2.2025க்குள் தங்கள் இசைவைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

*ஏற்பு, 30.1.2025*
அன்புடையீர், வணக்கம். தங்கள் 27.1.2025 நாளிட்ட கடிதம் கிடைத்தது. 21.2.2025 வெள்ளிக்கிழமை காலை 10.30 மணிக்குத் தங்கள் கல்லூரிக் கலையரங்கில் நடைபெறும் உலகத் தாய்மொழி நாள் விழாவில் சிறப்பு விருந்தினராகப் பங்கேற்க மகிழ்வுடன் இசைகிறேன். 'தாய்மொழியும் அறிவியலும்' என்னும் தலைப்பில் பேச எண்ணுகிறேன். பேருந்து நிலையத்திலிருந்து அழைத்துவர ஏற்பாடு செய்தால் நலம்.

தேதியோட கிழமையும் சேர்த்து எழுதுங்க. ரெண்டும் பொருந்தலைன்னா தப்பு உடனே கண்ணுல படும்.

கோவைத் தம்பி: ஆங்கிலத் தாள்ல "நான்"னு எழுதாதே, கையெழுத்தும் போடாதேன்னு சொல்லிக் கொடுத்தாங்களே?

தமிழாசிரியை: அது அழைப்பு அட்டைக்கும் அதுக்கான பதிலுக்கும் உள்ள முறை தம்பி. இங்க கேட்டது கடிதம். "இசைகிறேன்"னு தன்மையில எழுதி, "இப்படிக்கு" போட்டு முடிக்கணும். வினாவில கொடுத்த பெயரைத்தான் போடணும், சொந்தப் பெயர் கூடாது.

நெல்லை அண்ணாச்சி: எங்க ஊர் நூலக விழாவுக்கு ஒருத்தர் "வர முயல்கிறேன்"னு எழுதினாரு. நாங்க பேரை அச்சடிச்சிட்டோம். மேடையில நாற்காலி காலியாக் கிடந்துச்சு.

தமிழாசிரியை: அது ஏற்பே இல்லைங்க அண்ணாச்சி. அப்படி வந்தா இன்னொரு தடவை கேட்டுட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கணும்.

பழைய செயலர்: நாள், நேரம் வரட்டும், ஒத்துக்கிறேன். ஆனா பேருந்து நிலையம், உரைத் தலைப்பெல்லாம் தேர்வுல எதுக்கு? வரிக் கணக்குல அடிபடும்.

தமிழாசிரியை: வண்டியை விட்டுடலாம். தலைப்பை விட மாட்டேன், அழைப்பிதழ்ல அச்சாக வேண்டியது அது.

பழைய செயலர்: வினாவில தலைப்பு கேட்கலைன்னா நான் எழுதச் சொல்ல மாட்டேன்.

மதுரைக்காரி: வர இயலாதுன்னு எழுதினா?

தமிழாசிரியை: அப்ப விழாப் பெயரும் நாளும் போதும்மா. நேரம், இடம் வேண்டியதில்லை.