பிளாஸ்க் உள்சுவர்: ஸ்டீலா, கண்ணாடியா? அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இன்செயின் அக்கா

எங்கள் வீட்டில் ரெண்டு பிளாஸ்க். 1 லிட்டர் கண்ணாடி பிளாஸ்க் மாமியாருக்கு. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாததால் விடியற்காலை 5 மணிக்கே டீ போட்டு நிரப்பி வைத்துவிடுவேன். அரை லிட்டர் ஸ்டீல் எனக்கு. சர்க்குலர் ரயிலில் ரங்கூன் டவுனுக்கு வேலைக்குப் போகும்போது பையில் இருக்கும்.

போன மாதம் கண்ணாடி பிளாஸ்க் உடைந்துபோனது. கீழே விழக்கூட இல்லை, மேசையில் சற்று வேகமாக வைத்தார்கள், அவ்வளவுதான். ஸ்டீல் பிளாஸ்க் ரயில் படியில் ஒரு தடவை விழுந்தது, லேசாக நசுங்கியது. இப்போது 11 மணிக்கெல்லாம் டீ வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. மூடியைத் திறந்தால் பழைய பால் வாடை வேறு. அடுத்து எதை வாங்குவது? உபயோகித்தவர்கள் சொல்லுங்கள்.

மோல்மேன்காரன்

அக்கா, கண்ணாடியே வாங்குங்க. ஸ்டீல் வாடையை உறிஞ்சிக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. ஸ்டீல்தான் வேணும்னா கடைக்கு ஒரு காந்தம் கொண்டுபோங்க. ஒட்டினா மட்ட ஸ்டீல், ஒட்டலைன்னா நல்லது. நான் அப்படித்தான் பார்த்து வாங்கினேன்.

பெகு தம்பி

என் பிளாஸ்கில் ஐஸ் மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை. அதற்கும் இந்தக் கண்ணாடிதான் நல்லதா?

பழைய பிளாஸ்க் கடை

20 வருஷமாக பிளாஸ்க் விற்கிறேன், உள்கண்ணாடியும் மாற்றித் தருகிறேன். என் கைக்கு வந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கண்ணாடி. விழாமலே உடைந்தது என்றீர்களே, அதற்குப் பெரும்பாலும் அடிமூடிதான் காரணம். பிளாஸ்கின் அடியைத் திருகித் திறந்தால் உள்கண்ணாடியைத் தாங்கும் ஒரு ரப்பர் மெத்தை இருக்கும். நாளாக ஆக மூடி தளர்ந்துவிடும், ரப்பரும் காய்ந்து கெட்டியாகிவிடும். அப்புறம் உள்கண்ணாடி கூட்டுக்குள் ஆட ஆரம்பிக்கும். அதன் அடியில் வால் மாதிரி ஒரு சிறு முனை இருக்கிறதே, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய இடம் அது. அங்கே ஒரு சிறு இடி பட்டாலே போதும், வெற்றிடம் போய்விடும், பல சமயம் கண்ணாடியே சிதறிவிடும். மாதம் ஒரு முறை காலி பிளாஸ்கைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். தடதடவென்று ஆடினால் அடிமூடியை இறுக்குங்கள். கலகலவென்று சில்லுச் சத்தம் கேட்டால் உடைந்துவிட்டது என்று அர்த்தம். அதில் இருக்கும் டீயை வடிகட்டிக்கூடக் குடிக்காதீர்கள், கீழே கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று, குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் கொதிக்கிற டீயை அப்படியே ஊற்றாதீர்கள். முதலில் வெந்நீர் கொஞ்சம் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டு ஊற்றுங்கள். கண்ணாடியும் தாங்கும், டீயும் கூடுதல் நேரம் சூடாக இருக்கும்.

ஸ்டீல் விஷயம் வேறு. உடையாது, ஆனால் கெட்டுப்போனதும் வெளியே தெரியாது. அதில் ரெண்டு சுவர், நடுவில் வெற்றிடம். நசுங்கிய இடத்தில் வெளிச்சுவர் உள்ளே போய் உள்சுவரைத் தொட்டுவிட்டால் அந்த ஒரு இடம் வழியாகவே சூடு ஓடிவிடும். அடியில் அடைத்த இடத்தில் விரிசல் விட்டால் வெற்றிடம் மொத்தமாகவே போச்சு. கொதிநீர் நிரப்பி, மூடியை இறுக்கி, 10 நிமிஷம் கழித்து அடியிலிருந்து தோள் வரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மூடியும் கழுத்தும் சூடாக இருப்பது சகஜம். உடம்பு முழுக்கச் சூடானால் வெற்றிடம் போய்விட்டது. நசுங்கிய இடம் மட்டும் சூடானால் சுவர் தொடுகிறது. ரெண்டையும் நம்மால் சரிசெய்ய முடியாது. கண்ணாடியில் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றலாம், ஸ்டீலில் முழுதாகவே புதிது வாங்க வேண்டும்.

பெகு தம்பி, ஐஸுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் கண்ணாடியில் ஐஸ் கட்டியைப் போடாதீர்கள், அந்த இடியில் உடையும்.

மோல்மேன்காரன்

அண்ணே, வாடையைப் பற்றி ஒண்ணும் சொல்லலியே. காந்தம் பார்க்கிறது தப்பா?

பழைய பிளாஸ்க் கடை

தப்பில்லை தம்பி, பாதி சரி. காந்தம் பலமாக ஒட்டும் ஸ்டீல் துருப்பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒட்டாததெல்லாம் நல்லது ஆகிவிடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்யும் மட்டரகமும் ஒட்டாது. பெட்டியில் ஸ்டீல் ரகம் 304 என்று எழுதியிருப்பதைத்தான் நான் வாங்கி விற்கிறேன்.

ஸ்டீல் வாடையை உறிஞ்சுவதில்லை. பாலும் டீக்கறையும் சுவரில் ஏடாகப் படிகின்றன, வாடை அந்த ஏட்டில்தான் இருக்கிறது. அதைவிட அதிகம் மூடியில். இன்செயின் அக்கா, மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை ஊசியால் நெம்பிக் கழற்றி முகர்ந்து பாருங்கள். வளையத்தைத் தனியாகக் கொதிநீரில் போடுங்கள். உள்ளே ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, கொதிநீர் நிரப்பி, மூடாமல் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பிரஷ்ஷால் தேயுங்கள். துணி வெளுக்கும் குளோரின் மட்டும் ஸ்டீலுக்கு ஆகாது, புள்ளி புள்ளியாக அரித்துவிடும். கழுவிய பிறகு மூடியைத் திறந்தே வையுங்கள்.

தட்டோன் டீக்கடை

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பால் கலந்த டீயைப் பிளாஸ்கில் நெடுநேரம் வைக்கக் கூடாது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கினதும் பாலில் கிருமி பெருக ஆரம்பிக்கும், வெற்றிடம் போன பிளாஸ்கில் அது சீக்கிரமே நடக்கும். நாங்கள் இலையை வடிகட்டின டிகாஷனை மட்டும் பிளாஸ்கில் ஊற்றி, பால்டப்பாவைத் தனியாக வைத்துக் குடிக்கும்போது கலப்போம். இலையோடு விட்டால் கசந்துபோகும்.

எங்கள் கடையில் ஒரே அளவு கண்ணாடியும் ஸ்டீலும் வாங்கி ஒரு நாள் அளந்து பார்த்தோம். ரெண்டிலும் 95 டிகிரியில் டிகாஷன் நிரப்பினோம். 6 மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் 79, ஸ்டீலில் 74. வித்தியாசம் அவ்வளவுதான். பாதி மட்டும் நிரப்பின ஸ்டீலில் 63 வரை இறங்கிவிட்டது. முழுசாக நிரப்பாமல் போனதுதான் பெரிய நஷ்டம்.

பழைய பிளாஸ்க் கடை

ஸ்டீல் கண்ணாடியைவிடச் சுமார் 15 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உள்சுவரும் வெளிச்சுவரும் கழுத்தில் சேர்கின்றன, அங்கேதான் சூடு கசியும். அதனால்தான் நல்ல ஸ்டீல் பிளாஸ்கில் கழுத்துச் சுவரை மெல்லியதாக்குகிறார்கள். வாய் அகன்ற ஸ்டீல் வாங்காதீர்கள்.

மோல்மேன்காரன்

இருந்தாலும் ஸ்டீல் டீ ருசி எனக்குப் பிடிக்காது. பச்சைத் தேயிலை வெந்நீர்னா இன்னும் தெரியும்.

தட்டோன் டீக்கடை

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் கடைப் பெரியவர் மட்டும் தெரிகிறது என்பார்.

இன்செயின் அக்கா

வளையத்தைக் கழற்றினேன். அடியில் பழுப்பு நிறத்தில் பசை மாதிரி இருந்தது, வாடை அங்கேதான். சோடா போட்ட பிறகு பிளாஸ்கில் வாடையே இல்லை.

கொதிநீர் ஊற்றியும் பார்த்தேன். 10 நிமிஷத்தில் நசுங்கிய இடத்தில் இரண்டு விரல் அகலம் மட்டும் சுடுகிறது, மற்ற இடம் குளிர்ச்சி. அண்ணன் சொன்னபடி சுவர்தான் தொடுகிறது போலிருக்கிறது.

மாமியாருக்கு உள்கண்ணாடி மட்டும் மாற்றலாம் என்று பழைய கூட்டை எடுத்துவைத்திருக்கிறேன். அண்ணே, கூட்டோடு கொண்டுவரணுமா, அளவு மட்டும் சொன்னால் போதுமா?

பழைய பிளாஸ்க் கடை

கூட்டோடு கொண்டுவாருங்கள். 1 லிட்டர் என்று எழுதியிருந்தாலும் கழுத்து அளவு மாறும். அடி ரப்பரையும் கையோடு எடுத்துவாருங்கள், பார்த்து மாற்றிவிடலாம்.