ஒப்புகைச் சீட்டில் 3,96,000 ரூபாய்: வருமானச் சான்றாக ஐடிஆர் கொடுத்தவர்களின் அனுபவங்கள்

ஈரோடு, ஜவுளிக் கடை

2024 அக்டோபரில் வீட்டுக்கடனுக்காக ஒரு வங்கியை அணுகியபோது நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். ஆண்டு தவறாமல் வருமான வரிப் படிவமான ஐடிஆர் தாக்கல் செய்பவன் என்பதால் வருமானச் சான்று எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. மூன்று ஆண்டு ஒப்புகைச் சீட்டுகளையும், வருமானத்தையும் வரியையும் கணக்கிட்டுக் காட்டும், ஆடிட்டர் முத்திரையிட்ட கம்ப்யூட்டேஷன் தாள்களையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்துவிட்டு, கேட்ட 25 லட்சமும் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தேன். பத்து நாள் கழித்து அழைத்து, 13 லட்சம்தான் தகுதி என்றார்கள்.

காரணம் அந்தத் தாள்களிலேயே இருந்தது. 2023-24 நிதியாண்டில் என் கடையின் விற்பனை 60 லட்சம். அதில் 42 லட்சம் வங்கி வழியாகவும் யுபிஐ வழியாகவும் வந்தது. 18 லட்சம் ரொக்கம். வருமான வரிச் சட்டத்தில் சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவின்படி டிஜிட்டல் வரவுக்கு 6 சதவீதமும் ரொக்கத்துக்கு 8 சதவீதமும் லாபமாகக் காட்டினால் போதும் என்பதால், 2.52 லட்சமும் 1.44 லட்சமும் சேர்த்து 3.96 லட்சம் என்று ஆடிட்டர் கணக்கை முடித்திருந்தார். உண்மையில் அந்த ஆண்டு கடையில் எனக்கு நின்றது ஏறக்குறைய 6.9 லட்சம்.

வங்கி அதிகாரி என் எதிரிலேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். 3.96 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 33,000. அதில் பாதி, அதாவது 16,500 ரூபாய்தான் எல்லாத் தவணைகளுக்கும் சேர்த்து. ஏற்கெனவே வண்டிக் கடனுக்கு 4,500 போகிறது, மீதம் 12,000. ஒன்பது சதவீத வட்டியில் இருபது ஆண்டுக் கடன் என்றால் லட்சத்துக்கு மாதம் சுமார் 900 ரூபாய் தவணை. 12,000-ஐ 900-ஆல் வகுத்து, 13 லட்சத்துச் சொச்சம் என்று வட்டமிட்டுக் காட்டினார். இதே கணக்கை 6.9 லட்சத்துக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 27 லட்சம் வருகிறது. நான் கேட்டதோ 25.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாரேனும் இருக்கிறீர்களா?

சேலம், வங்கிக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

ஈரோட்டு நண்பரே, அந்த அதிகாரி போட்ட கணக்கில் பிழை இல்லை. 44ஏடி-யில் 6 சதவீதமும் 8 சதவீதமும் குறைந்தபட்ச அளவுகள்தாம். அதற்கு மேல் லாபம் வந்திருந்தால் அதையே காட்டலாம், காட்டவும் வேண்டும். பலரும் அதை ஒரு நிலையான விகிதம் போல எடுத்துக்கொண்டு, விற்பனையைப் பெருக்கி எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு வருத்தம் உண்டு. 2023-24-இல் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 7 லட்சம் வரை இருந்தால், 87ஏ தள்ளுபடிக்குப் பிறகு வரியே இல்லை. ஆகையால் 6.9 லட்சத்தைக் காட்டியிருந்தாலும் அந்த ஆண்டுக்கு நீங்கள் ஒரு ரூபாய் வரி கட்டியிருக்க மாட்டீர்கள். வரி மிச்சமும் இல்லை, கடனும் போயிற்று.

இந்தக் குறையைச் சரிக்கட்ட வங்கியாலும் அதிகம் முடியாது. முறையான லாப நட்டக் கணக்கு வைத்திருப்பவரிடம், பணமாக வெளியே போகாத தேய்மானத்தை லாபத்தோடு திருப்பிக் கூட்டித் தகுதியை உயர்த்துவோம். 44ஏடி-யில் தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்வதால் கூட்டுவதற்கு எதுவும் இருக்காது. அந்தப் பிரிவில் கணக்குக் காட்டுபவர்கள் நிரப்பும் ஐடிஆர்-4 படிவத்திலும் சரக்கு இருப்பு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, கைரொக்கம் என்ற சில எண்களைத் தவிர வியாபாரத்தின் நிலையைச் சொல்லும் தகவல் குறைவு.

திருச்சி, தனியார் நிறுவன ஊழியர்

ஒப்புகைச் சீட்டையும் கம்ப்யூட்டேஷனையும் விட வருமான வரித் துறை படிவத்தைப் பரிசீலித்து அனுப்பும் 143(1) அறிவிப்பைக் கொடுப்பதே சிறந்தது என்பேன். துறையின் பெங்களூரு மையத்திலிருந்து மின்னஞ்சலில் வரும் அந்தக் கோப்பை, பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் தட்டி, பின்னால் பிறந்த தேதியைச் சேர்த்தால் திறக்கலாம். நான் கொடுத்த எண் ஒரு பத்தியிலும் துறை கணக்கிட்ட எண் அடுத்த பத்தியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால், அந்த வருமானத்தைத் துறையே சரிபார்த்து ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். அதன் பிறகு எந்த வங்கியும் கேள்வி கேட்க முடியாது.

சேலம், வங்கிக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

முதல் பாதி சரி. நானும் அதைக் கேட்டு வாங்குவேன். பிற்பாதி சரியல்ல. கூட்டல் கழித்தல் பிழை, படிவத்துக்குள் முரண்பாடு, வரிக் கழிவு விவரம் பொருந்துகிறதா என்பவற்றைக் கணினி பார்ப்பதோடு 143(1) முடிகிறது. கடையில் உண்மையில் அவ்வளவு லாபம் வந்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஆகவே, இந்த எண்ணோடு இந்தப் படிவம் துறைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது நல்ல ஆதாரம். அதற்கு மேல் இல்லை.

கம்ப்யூட்டேஷன் அந்த அளவுக்குக்கூட இல்லை. அது துறை வெளியிடும் ஆவணம் அன்று. ஆடிட்டர் அலுவலகத்தின் மென்பொருளில் அச்சாகும் தாள். முத்திரை குத்துவது வழக்கமே தவிர அதனால் அது சான்றிதழ் ஆகிவிடாது. ஆடிட்டர் தரும் சான்றிதழ் என்றால் யுடிஐஎன் என்ற 18 இலக்கத் தனி அடையாள எண் இருக்கும், அதைப் பட்டயக் கணக்காயர்களின் அமைப்பான ஐசிஏஐ-யின் தளத்தில் சரிபார்க்கலாம்.

ஒரு விண்ணப்பத்தை மறக்க முடியாது. கம்ப்யூட்டேஷனில் மொத்த வருமானம் 4.2 லட்சம், ஒப்புகைச் சீட்டிலும் அதே எண். ஆனால் கம்ப்யூட்டேஷனின் கீழ்ப்பகுதியில் வரிவிலக்கு வருமானம் என்று இன்னொரு 6 லட்சம் எழுதப்பட்டிருந்தது. வரிவிலக்கு வருமானம் ஒப்புகைச் சீட்டின் மொத்த வருமானத்தில் சேராது என்பதால் இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று முரண்படவே இல்லை. முழுப் படிவத்தை வருமான வரித் தளத்திலிருந்து இறக்கித் தரச் சொன்னோம். அதில் அந்தப் பகுதி காலியாக இருந்தது. அன்றிலிருந்து முழுப் படிவம் இல்லாமல் எந்தக் கோப்பையும் நான் மேலே அனுப்பியதில்லை.

சீட்டின் தலைப்பையும் பாருங்கள். மின்சரிபார்ப்பு முடியாத நிலையில் இறக்கினால் அது சரிபார்ப்புப் படிவம் மட்டுமே. 30 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால் உரிய காலத்தில் தாக்கல் செய்ததாகவே ஆகாது. ஒப்புகை எண்ணையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்தால், உள்நுழையாமலேயே நிலையைத் தளத்தில் பார்த்துவிடலாம்.

கும்பகோணம், விவசாயி

வரிவிலக்கு வருமானம் என்றதும் என் கதையையும் சொல்லத் தோன்றுகிறது. வயலில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வருகிறது. பஜாரில் உள்ள கடைக்கு வாடகையாக மூன்று லட்சம் வருகிறது. கையில் எட்டு லட்சம் புழங்குகிறவனின் ஒப்புகைச் சீட்டில் மொத்த வருமானம் 2,10,000 என்றிருக்கிறது. வாடகையில் முப்பது சதவீதம் சட்டப்படி கழிந்துபோகிறது. விவசாய வருமானம் வேறு அட்டவணைக்குப் போய்விடுகிறது.

கார் கடனுக்குப் போனபோது சீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு சிட்டா, அடங்கல் நகல்களையும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்கில் பணம் ஏறிய வங்கிப் பக்கங்களையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் பேசவே ஆரம்பித்தார்கள். உள்ளூர் வியாபாரிக்கு ரொக்கமாக விற்ற குறுவை நெல்லுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லாததால் அதை மட்டும் சேர்க்க மறுத்துவிட்டார்கள். விவசாயத்துக்கு வரி இல்லை என்பதால் அதைப் படிவத்தில் எழுதவே வேண்டியதில்லை என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். எழுதியிருந்தபோதே எனக்கு இந்தப் பாடு.

மதுரை, திருமண ஒளிப்படக் கலைஞர்

என் அனுபவம் ஷெங்கன் விசா பற்றியது. 2024 மே மாதம் விண்ணப்பித்தேன். மூன்று ஆண்டு ஐடிஆர் வைத்தேன். கடைசி ஒப்புகைச் சீட்டில் 4,80,000 இருந்தது. தங்கும் காலத்துக்குப் போதிய பண ஆதாரம் காட்டப்படவில்லை என்ற கட்டத்தில் குறியிட்டு மறுத்துவிட்டார்கள்.

பிறகுதான் யோசித்தேன். மே மாதத்தில் என் கையிலிருந்த கடைசி ஐடிஆர் 2023 மார்ச்சோடு முடிந்த ஆண்டுக்கானது. அதற்குப் பிந்தைய பதினான்கு மாதங்களில் நான் சம்பாதித்தேனா, தொழிலை மூடிவிட்டேனா என்பதற்கு அந்தச் சீட்டில் பதில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய வங்கிக் கணக்கிலோ, விண்ணப்பத்துக்கு ஆறு நாள் முன்பு என் அண்ணன் போட்ட மூன்றரை லட்சம்தான் பெரிய வரவாகத் தெரிந்தது. முகூர்த்த மாதங்களில் வாங்கிய முன்பணத்தில் பெரும்பகுதியை ரொக்கமாகவே செலவழித்துவிட்டிருந்தேன்.

ஜூலையில் புதிய ஐடிஆர் தாக்கல் செய்து, செப்டம்பரில் மீண்டும் விண்ணப்பித்தேன். இம்முறை ஆறு மாத வங்கி அறிக்கையில் ஒவ்வொரு முன்பண வரவுக்கும் எதிரே அந்தத் திருமண ஒப்பந்தத்தின் எண்ணைப் பென்சிலால் குறித்து, ஒப்பந்த நகல்களையும் வரிசைப்படி வைத்தேன். விசா கிடைத்தது. புதிய ஐடிஆரால் கிடைத்ததா, பென்சில் குறிகளால் கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஈரோடு, ஜவுளிக் கடை

எல்லோருக்கும் நன்றி. 2023-24 கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய 2024 டிசம்பர் 31 வரை வழி இருக்கிறது என்கிறார் என் ஆடிட்டர். முந்தைய ஆண்டுக்கும் புதுப்பித்த ஐடிஆர் போட்டு உண்மை லாபத்தைக் காட்டிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

சேலம், வங்கிக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

உண்மையான லாபத்தைக் காட்டுவது எப்போது செய்தாலும் நல்லதுதான். ஆனால் ஒப்புகைச் சீட்டில் தாக்கல் தேதி அச்சாகியிருக்கும். அக்டோபரில் கடன் குறைந்து, நவம்பரில் வருமானம் உயர்ந்தால், அதே மேசையில் இருப்பவர் என்ன நினைப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முந்தைய ஆண்டுக்குக் கூடுதல் வரி ஏதும் வந்தால், அதன் மேல் இன்னும் 25 சதவீதமோ 50 சதவீதமோ சேர்த்துக் கட்ட நேரும். என் காலத்தில் அப்படி வந்த கோப்புகளைச் சில மேலாளர்கள் கொள்முதல் பில்லையும் வங்கி வரவையும் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். சிலர் அடுத்த ஆண்டு வாருங்கள் என்று மூடிவைத்தார்கள்.

அதுவரை, அந்த 18 லட்சம் ரொக்க விற்பனையை அன்றன்றைக்கே வங்கியில் கட்டிவாருங்கள். கடைக்கணக்குக்கும் வீட்டுக்கணக்குக்கும் ஒரே வங்கிக் கணக்கை வைத்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

ஈரோடு, ஜவுளிக் கடை

ஒரே கணக்குதான் ஐயா. திங்கட்கிழமை நடப்புக் கணக்குத் திறக்கப் போகிறேன்.