கொடைக்கானல் மேல் தெருக் குழு: கச்சேரி அறிவிப்பு வரைவு

தபால் அலுவலக அக்கா, மாலை 6.40
அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி 22 கச்சேரிக்காக நாம் பகிரப்போகும் அறிவிப்புப் படத்தின் கீழே போட வேண்டிய வாசகத்தை எழுதிப் பார்த்திருக்கிறேன். பாடகியின் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் வரை கலைஞர்களின் பெயர்களை எங்கும் எழுத வேண்டாம் என்று ஆசிரியர் ஐயா சொன்னதால், அந்த இடத்தைப் புள்ளி வைத்து விட்டிருக்கிறேன்.

"இசை விருந்து! அனைவரும் வருக! முன்னணிக் கலைஞர்கள் பங்கேற்கும் மாபெரும் கர்நாடக இசைக் கச்சேரி. வாய்ப்பாட்டு: …… மற்றும் பக்கவாத்தியக் குழுவினர். பிப்ரவரி 22 மாலை. இடம்: சமுதாயக் கூடம். கட்டணம்: வி.ஐ.பி. ரூ.600, முதல் வகுப்பு ரூ.350, இரண்டாம் வகுப்பு ரூ.150."

பேக்கரி அண்ணன், மாலை 6.52
அக்கா, மிகவும் நன்றாக இருக்கிறது. படத்திலேயே மேடையையும் நாற்காலி வரிசைகளையும் வரைந்து போட்டுவிட்டால் சீட்டு விற்கும்போது எனக்கு எளிதாக இருக்கும். பாடகி நடுவில், நம் வலப்பக்கம் வயலின், இடப்பக்கம் மிருதங்கம் என்று என் மகன் வரைந்து வைத்திருக்கிறான்.

கீழ் வீட்டு மாமி, மாலை 7.05
முதல் வகுப்பு என்றால் முதல் வரிசை என்றுதானே பொருள்? நம் தெருக்காரர்களுக்கு முதல் வரிசை இலவசம் என்று போன கூட்டத்தில் பேசியதாக நினைவு. எனக்கு முழங்கால் வலி இருப்பதால் ஜமக்காளத்தில் உட்கார முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் ஐயா, மாலை 7.31
மாமிக்கு வந்த சந்தேகமே அந்த வாசகத்தின் குறை. சென்னையில் ஒரு சபாவின் சீட்டு அறையில் பதினெட்டு ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'முதல் வகுப்பு' என்று அச்சிட்டால் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முதல் வரிசைக்குப் போய் நிற்பார்கள். வகுப்பு, வி.ஐ.பி. என்ற சொற்களை விட்டுவிட்டு, எந்தத் தொகைக்கு எந்த வரிசை என்று மட்டும் எழுதினால் வாசலில் தகராறு வராது. மாமி, தெருக்காரர்களுக்கு இலவசம் என்று தீர்மானம் ஆகவில்லை. ஜமக்காளமும் போடவில்லை, எல்லோருக்கும் நாற்காலிதான்.

தோட்டத்து மாமா, மாலை 7.44
சென்ற ஆண்டு கீழே ஒரு ஊரில் கச்சேரிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து முன்பதிவு செய்துகொண்டு போனேன். எனக்குக் கிடைத்த நாற்காலிக்கு நேர் முன்னால் ஒரு தூண். இரண்டரை மணி நேரம் பாடகரின் வலது முழங்காலை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். கேட்டதற்கு, காதால் கேட்பதற்குத்தானே கச்சேரி என்று பதில் சொன்னார்கள். நம் கூடத்திலும் எட்டாவது வரிசையில் இரண்டு தூண்கள் இருக்கின்றன என்பதை நினைவுபடுத்துகிறேன்.

ஆசிரியர் ஐயா, மாலை 8.10
நல்ல நேரத்தில் நினைவூட்டினீர்கள். நேற்று டேப் வைத்து அளந்ததில், வரிசைக்கு 14 நாற்காலியாக 12 வரிசைகள், ஆக 168 இடங்கள் வருகின்றன. எட்டாம் வரிசையில் தூண்களுக்குப் பின்னால் நான்கு இடங்களில் மேடை சரியாகத் தெரியாது. அவற்றைக் கடைசி வரிசைகளின் விலைக்கே, தூண் மறைக்கும் என்று எழுதியே விற்போம். எழுதிவிட்டால், பாட்டு கேட்டால் போதும் என்கிறவர்கள் அவற்றையும் விரும்பி வாங்குவார்கள். எழுதாமல் விற்றால் தோட்டத்து மாமாவைப் போல ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதல் வரிசை 14 இடங்களை விற்க வேண்டாம் என்பது என் கருத்து. மேடை மூன்றரை அடி உயரம், கலைஞர்களோ அதன்மேல் தரையில் அமர்ந்திருப்பார்கள், ஆகவே முதல் வரிசையில் இருப்பவர் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு போவார். ஓரத்து ஒலிபெருக்கிகள் அவர் தலையைத் தாண்டி ஒலிப்பதால், பாட்டைவிட மிருதங்கத்தின் நேரடிச் சத்தம்தான் அவருக்கு அதிகமாக விழும். அந்த வரிசை கலைஞர்களுடன் வருகிறவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் இருக்கட்டும், ஆனால் அதையும் வாசகத்தில் எழுதிவிட வேண்டும். இரண்டு முதல் ஐந்து வரையிலான வரிசைகளே பார்க்கவும் கேட்கவும் சிறந்தவை என்பதால் அவற்றுக்கு 600 ரூபாய் நியாயம்.

தபால் அலுவலக அக்கா, மாலை 8.22
அப்படியானால் 2–5 வரிசைகளில் 56 இடங்களுக்கு 33,600. 6–9 வரிசைகளில் தூண் மறைக்கும் நான்கையும் கழித்து 52 இடங்களுக்கு 18,200. 10–12 வரிசைகளோடு அந்த நான்கையும் சேர்த்து 46 இடங்களுக்கு 6,900. எல்லாம் விற்றால் 58,700 ரூபாய் வரும். நம் செலவு 52,000. பத்தில் ஒன்பது பங்கு விற்றால்தான் ஒப்பேறும் என்று தெரிகிறது.

பேக்கரி அண்ணன், மாலை 8.30
அப்படியானால் வலப்பக்கத்து இடங்களுக்கு ஐம்பது ரூபாய் கூட்டி விற்கலாமே! வயலின் எப்போதும் நம் வலப்பக்கம்தான் அமரும், அந்தப் பக்கம் இருந்தால் விரல்கள் ஓடுவது தெரியும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியர் ஐயா, மாலை 8.55
தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. இந்தக் கச்சேரிக்குச் சரிப்படாமல் போகலாம். பாடகிக்கு வலப்புறம், அதாவது நமக்கு இடப்புறம், மிருதங்கக்காரர் பாடகியைப் பார்த்தபடி அமர்ந்தால், வலக்கையால் வாசிக்கும் முகமான வலந்தலை சபையை நோக்கி இருக்கும். நாதம் அங்கிருந்துதான் வருகிறது என்பதால் அந்த இடம் வழக்கமாயிற்று. நமக்கு வரும் மிருதங்கக்காரர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்று அவருடைய கடிதத்தில் இருக்கிறது. அவர் வழக்கமான பக்கத்தில் அமர்ந்தால் வாத்தியத்தின் முகம் மேடையின் பின்சுவரைப் பார்க்கும். ஆகவே அவர் பாடகிக்கு இடப்புறம் வர வேண்டும், வயலின் மறுபக்கம் போக வேண்டும்.

இது நம் மலைக்கு நெருங்கிய செய்தியும்கூட. கீழே பழனியைச் சேர்ந்த மிருதங்க வித்வான் சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைக்காரர்; பக்கம் மாறி அமர வயலின்காரர்கள் தயங்கியதால் அவருக்கு வாய்ப்புகள் தடைப்பட்டன. செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைத் தொடர்ந்து தம் கச்சேரிகளுக்கு வைத்துக்கொண்ட பிறகே நிலைமை மாறியது. வயலின் அம்மையாருக்குக் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. ஆகவே படத்தில் யார் எங்கே என்று வரைய வேண்டாம், பக்கத்துக்கு ஒரு விலையும் வேண்டாம். உங்கள் மகன் வரைந்த படத்தை மேடை காலியாகவே இருக்கும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பேக்கரி அண்ணன், மாலை 9.01
அவன் மிருதங்கத்தை மிக அழகாக வரைந்திருந்தான். சரி, அழிக்கச் சொல்கிறேன்.

கீழ் வீட்டு மாமி, மாலை 9.06
கடைசி வரிசையில் இருந்தாலும் எனக்குக் கேட்கும், ஆனால் முடியும் நேரத்தைச் சொல்லுங்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதிப் பேர் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே பஸ்ஸுக்காகப் போவார்கள்.

ஆசிரியர் ஐயா, மாலை 9.24
மாமி இந்தக் குழுவிலேயே மிக முக்கியமான வரியைச் சொல்லிவிட்டார்கள். தொடங்கும் நேரத்தை எல்லோரும் எழுதுவார்கள், முடியும் நேரத்தை எழுதாததால்தான் மிருதங்கமும் கடமும் சூடு பிடிக்கும்போது நாற்காலிகள் காலியாகின்றன. 4.30க்குத் தொடங்கி 7 மணிக்கு முடிப்போம் என்று பாடகியிடமும் பேசியிருக்கிறேன். வாத்தியக்காரர்கள் மட்டும் மூன்று மணிக்கே கூடத்துக்கு வந்துவிடுவார்கள். மூடுபனி நாளில் தோல் ஈரம் வாங்கிச் சுருதி இறங்கும், பாடகியின் ஐந்து கட்டைச் சுருதிக்கு மிருதங்கம் நிலைத்து நிற்க நேரம் பிடிக்கும். எனவே கதவு நான்கு மணிக்கு முன்பு திறக்காது.

அக்காவுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். 'பக்கவாத்தியக் குழுவினர்' என்று ஒட்டுமொத்தமாக எழுதாதீர்கள். வயலின், மிருதங்கம், கடம் ஒவ்வொன்றும் தனி வரியில், பெயரோடு, வாய்ப்பாட்டுக்குக் கீழே இந்த வரிசையில் வர வேண்டும். பிறகு, ஒரு நீண்ட செய்தியின் தொடக்கம் மட்டுமே முதலில் தெரியும், மீதியைப் பார்க்க 'மேலும் படிக்க' என்பதைத் தொட வேண்டும். 'இசை விருந்து, அனைவரும் வருக' என்று அந்த இடத்தை வீணாக்கினால் தேதியே கண்ணில் படாது. ஆண்டையும் கட்டாயம் எழுதுங்கள், பகிரப்பட்டு அலையும் படங்கள் அடுத்த ஆண்டும் வந்து நிற்கும்.

தோட்டத்து மாமா, மாலை 9.33
மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்று என்னை அழைத்துத் திட்டுவார்கள்.

தபால் அலுவலக அக்கா, மாலை 10.12
திருத்திய வரைவு இது. பெயர்களைக் கடிதத்தில் உள்ள எழுத்துகளின்படியே ஆசிரியர் ஐயா நிரப்புவார்.

"2026 பிப்ரவரி 22, ஞாயிறு மாலை 4.30 முதல் 7 வரை
கர்நாடக இசைக் கச்சேரி, மேல் தெருச் சமுதாயக் கூடம், நாயுடுபுரம், கொடைக்கானல்
வாய்ப்பாட்டு: ……
வயலின்: ……
மிருதங்கம்: ……
கடம்: ……
2–5 வரிசைகள் ரூ.600, சீட்டில் அச்சிட்ட எண்ணிலேயே அமரலாம்.
6–9 வரிசைகள் ரூ.350, வரிசைக்குள் முதலில் வருபவர் விரும்பிய இடத்தில் அமரலாம்.
10–12 வரிசைகள் ரூ.150; இருக்கை எண் கிடையாது. எட்டாம் வரிசையில் தூண் மறைக்கும் நான்கு இடங்களும் இதே விலைக்குக் கிடைக்கும்.
முதல் வரிசை கலைஞர்களின் குடும்பத்தாருக்கும் நன்கொடையாளர்களுக்கும் உரியது, விற்பனைக்கு இல்லை.
கதவு 4 மணிக்குத் திறக்கும். தாமதமாக வருபவர்கள் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் உள்ளே வரலாம்.
சீட்டுகள் தெருமுனை பேக்கரியில் கிடைக்கும். வெளியூர் வண்டிகளுக்கு epass.tnega.org தளத்தில் முன்கூட்டியே இ-பாஸ் பெறவும். கம்பளி உடை கொண்டுவரவும்."

பேக்கரி அண்ணன், மாலை 10.20
மாணவர்களுக்குக் குறைந்த கட்டணம் ஒன்று வேண்டாமா? 150 ரூபாய்கூடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதிகம்.

தபால் அலுவலக அக்கா, மாலை 10.26
கடைசி வரிசையின் 14 இடங்களை ஐம்பது ரூபாய்க்குக் கொடுத்தால் 1,400 ரூபாய் குறையும். அதைத் தாங்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பேசுவோம்.

ஆசிரியர் ஐயா, மாலை 10.31
பேசுவோம். வயலின் அம்மையாரின் பதிலும் பாடகியின் கடிதமும் வரும் வரை இந்த வாசகத்தை யாரும் வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டாம்.

கீழ் வீட்டு மாமி, மாலை 10.33
என் தங்கைக்கு முன்பே அனுப்பிவிட்டேனே. முதல் வரைவைத்தான் அனுப்பினேன், அதில் பெயர் எதுவும் இல்லைதானே?